உறைவெட்டா, பாரஃபின் பிளாக்கா?

"ஆபரேஷன் நடக்கும்போதே சொல்லிடுவாங்களா, ஒரு வாரம் காத்திருக்கணுமா?" என்று, எடுத்த திசுவின் பரிசோதனை முடிவைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். இரண்டும் உண்டு: உடனே சொல்வது உறைவெட்டு, காத்திருக்க வைப்பது பாரஃபின் பிளாக்.

நேரம்
உறைவெட்டு: திசுவை மைனஸ் 20 டிகிரி அளவில் உறையவைத்து, உடனே சீவி, சாயமேற்றிப் பார்ப்பார்கள். சுமார் 20 நிமிடத்தில் பதில் வரும்.
பாரஃபின்: திங்கள் மாலை எடுத்த திசு, கெடாமலிருக்க இரவு முழுக்க ஃபார்மலினில் ஊறும். செவ்வாயன்று துண்டு போடுவார்கள். அன்றிரவு இயந்திரத்தில் ஆல்கஹால் நீரை அகற்றும், சைலீன் ஆல்கஹாலை அகற்றும், உருகிய பாரஃபின் மெழுகு உள்ளே இறங்கும். புதனன்று திசுவை மெழுகில் பதித்த பிளாக், அதைச் சீவி எடுத்த ஸ்லைடு. வியாழனன்று ரிப்போர்ட். கூடுதல் சாயம் தேவைப்பட்டால் இன்னும் ஓரிரு நாள். எலும்பு என்றால் முதலில் சுண்ணாம்பை நீக்க வேண்டும், அதற்கே பல நாள் ஆகலாம்.

தெளிவு
உறைவெட்டு: பனிப்படிகங்கள் செல்களில் ஓட்டை போடும். கொழுப்பு சரியாக உறையாது, சீவும்போது குழையும்.
பாரஃபின்: 3 முதல் 5 மைக்ரான் தடிமனில் சீராக வரும். ஆனால் ஃபார்மலின் மெதுவாகத்தான் ஊடுருவும். பெரிய கட்டியை வெட்டாமல் போட்டால் நடுப்பகுதி கெட்டுவிடும், ஸ்லைடில் அங்கே உட்கருக்கள் மங்கித் தெரியும்.

சேமிப்பு
பிளாக் அறை வெப்பநிலையிலேயே பல ஆண்டுகள் இருக்கும். வேறு மருத்துவமனையில் மறுகருத்து கேட்க அதுதான் உதவும்.

வெட்டிய ஓரத்தில் புற்று மிச்சமா என்று அறுவை மேசையிலேயே தெரிய வேண்டுமானால் உறைவெட்டு. அதற்கான திசுவை ஃபார்மலினில் போடவே கூடாது. தைராய்டு ஃபாலிகுலர் கட்டி தன்னைச் சுற்றியுள்ள உறையைத் துளைத்திருக்கிறதா என்பதற்குப் பாரஃபின்தான். உறைவெட்டு செய்தாலும், மிச்சத் திசு பாரஃபினுக்குப் போகும். அந்த ரிப்போர்ட்டே இறுதி.