குரல் பதிவை அறிக்கையாக்க நான்கு வழிகள்: சொல்லாததை எது சேர்க்கிறது?

மழைக்காலத்தில் சானல் கரை உடைந்தால் முதலில் வருவது வாட்ஸப் குரல் பதிவுதான். அதைப் பாசன சங்கத்தில் யாராவது எழுத்தாக்கி நீர்வளத்துறைக்குக் கொடுக்க வேண்டும். குமரி மாவட்டம் கல்குளம் பக்கத்து விவசாயி ஒருவர் இப்படிப் பேசி அனுப்பியதாக வைத்துக்கொள்வோம்:

"அண்ணே, சானல் கரையிலதான் நிக்கேன். மதகுக்குக் கீழ ஒரு பத்தடி... இல்ல இல்ல, பதினஞ்சடி இருக்கும், கரை இடிஞ்சு கிடக்கு. ராத்திரி மழையில போயிருக்கும் போல. வெள்ளம் வயலுக்க உள்ள ஏறுது. நாலு பேருக்க வயல் போச்சாம், ரெண்டுதான் நான் பாத்தேன். லஸ்கர்கிட்ட முந்தாநாளே சொன்னது. மூட்டை ஒரு அம்பது வேணும்." லஸ்கர் என்பவர் சானலைக் கவனிக்கும் துறைப் பணியாளர்.

முதல் வழி, பேசியதை அப்படியே எழுதிக் கொடுப்பது. இதில் எதுவும் கூடாது, எதுவும் குறையாது. ஆனால் அவசரத்தில் படிக்கும் அதிகாரி கண்ணில் 'பத்தடி' பட்டால் அதையே குறித்துக்கொள்வார். பேசியவரே திருத்திய பிறகு பத்து அவருடைய கணக்கு இல்லை. இந்தப் பிரதி கோப்பில் இணைப்பாக இருக்கட்டும், அறிக்கைக்குப் போதாது.

இரண்டாவது, படிவம் நிரப்புவது. தேடி எடுக்க வசதிதான். சேதப் பரப்பு, காரணம், பயிர் என்று கட்டங்கள் காலியாக நிற்கும்போதுதான் சிக்கல். ஐப்பசி மாதம் என்பதால் கும்பப்பூ நெல் நடவு என்று நமக்கே தெரியும், கை தானாக எழுதிவிடும். அவர் பயிரைப் பற்றிப் பேசவே இல்லை. அந்தக் கட்டத்தில் 'பதிவில் குறிப்பிடப்படவில்லை' என்று மட்டும்தான் எழுதலாம்.

மூன்றாவது, அலுவல் நடையில் புதிதாக எழுதுவது. படிக்க அழகாக இருப்பதும், அதிக ஆபத்தானதும் இதுவே. "கனமழையால் கரை உடைந்து, வயல்களை வெள்ளம் சூழ்ந்தது. நான்கு விவசாயிகளின் பயிர்கள் சேதமடைந்தன. லஸ்கரிடம் முன்கூட்டியே புகார் அளித்தும் நடவடிக்கை இல்லை."

ஒவ்வொன்றாகப் பாருங்கள். அவர் மழை என்றார், 'கன' நாம் போட்டது. 'போல' என்ற ஊகம் காரணமாக உறைந்துவிட்டது. நம் ஊரில் வெள்ளம் என்றால் தண்ணீர். வெளியூரிலிருந்து வந்த அதிகாரிக்கு அது பெருவெள்ளம். 'போச்சாம்' என்பது அவர் காதில் விழுந்த சேதி. நேரில் பார்த்தது இரண்டு வயல் மட்டும். கடைசி வாக்கியம் இன்னும் மோசம். யார் சொன்னது, என்ன சொன்னது என்று பதிவில் இல்லை. கரை இடிந்தது ராத்திரி என்றால் முந்தாநாள் சொன்னது வேறு ஏதோ கசிவாகவும் இருக்கலாம். எழுவாய் இல்லாமல் பேசுவது நமக்கு இயல்பு. அறிக்கை நடை எழுவாயைக் கேட்கும். அந்த இடைவெளியில்தான் ஒரு லஸ்கர் மேல் புகார் முளைக்கிறது.

நான் விடாமல் பிடித்துக்கொள்ளும் வழி நான்காவது: வரிக்கு வரி திருத்துவது. அவர் சொன்ன வரிசையிலேயே போய், தடுமாற்றத்தை நீக்கி, அவர் கடைசியாகத் திருத்தியதை வைத்து, பேச்சு வழக்கை மட்டும் மாற்றுவது.

"சானல் கரையில்தான் நிற்கிறேன். மதகுக்குக் கீழே கரை சுமார் 15 அடி இடிந்துள்ளது. இரவு பெய்த மழையில் இடிந்திருக்கலாம் எனத் தோன்றுகிறது. தண்ணீர் வயலுக்குள் ஏறிக்கொண்டிருக்கிறது. நான்கு பேரின் வயல்கள் போய்விட்டதாகக் கேள்வி. இரண்டை மட்டுமே நேரில் பார்த்தேன். லஸ்கரிடம் முந்தாநாளே சொல்லப்பட்டது. சுமார் 50 மூட்டைகள் தேவை."

15 அடியை 4.57 மீட்டர் ஆக்கவில்லை. கண் மதிப்புக்கு டேப் வைத்து அளந்த தோற்றம் வந்துவிடும். அது நீளமா ஆழமா என்று அவர் சொல்லாததால் நாமும் சொல்லவில்லை. 'மணல் மூட்டை' என்றும் எழுதவில்லை. பதிவு வந்த தேதி 17 என்றால் முந்தாநாளை 15 என்று போடலாம். அது பதிவிலிருந்தே வருகிற கணக்கு. காற்றிரைச்சலில் ஒரு சொல் விழுங்கப்பட்டால் அந்த இடத்தில் [தெளிவாகக் கேட்கவில்லை] என்று விட வேண்டும்.

சரிபார்க்க, அறிக்கையைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படித்து, ஒவ்வொரு வரிக்கும் பதிவில் எந்த நொடி ஆதாரம் என்று ஓரத்தில் எழுதுவேன். நொடி கிடைக்காத வரியை அடித்துவிடுவேன். கீழிருந்து படித்தால் கதை ஓட்டம் நம்மை இழுக்காது. சேர்ந்த சொல் தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும்.

இந்த வழியின் குறை, விடுபட்டது விடுபட்டபடியே நிற்கும். ஆழம் தெரியாமல் மூட்டைக் கணக்கை எந்தப் பொறியாளரும் ஏற்கமாட்டார். இப்படி விடுபட்டவற்றுக்குப் பேசியவரையே திரும்பக் கூப்பிட்டு, "லஸ்கர்கிட்ட யாரு அண்ணே சொன்னது? என்ன சொன்னாங்க?" என்று கேட்க வேண்டும். "கரை இடிஞ்சு போச்சுன்னு லஸ்கர்கிட்ட நீங்கதானே சொன்னீங்க?" என்று கேட்டால் பதிலையும் நாமே கொடுத்ததாகிவிடும். அவர் சொல்லும் பதிலை மேலே கலக்காமல், 'பின்னர் தொலைபேசியில் தெரிவித்தது' என்று நேரம் குறித்து அடியில் தனியாக எழுதலாம். அலுவலகம் படிவம்தான் கேட்கிறது என்றால், இந்த அறிக்கையை முடித்துவிட்டு இதிலிருந்தே கட்டங்களை நிரப்புங்கள்.