மரத்த அடையாளம் பாக்க இலைய போட்டோ எடுக்கணும்னா, பறிச்சு எடுக்கணுமா, கொம்புலயே வச்சு எடுக்கணுமா?

நம்ம கன்னியாகுமரி பக்கம் புன்னையும் உண்டு புங்கையும் உண்டு, ஒத்த இலைய பறிச்சு வெள்ளப் பேப்பர்ல வச்சு நேரா மேல இருந்து போட்டோ எடுத்தா வடிவம் அச்சு மாதிரி கிடைக்கும், பக்கத்துல ஸ்கேல் வச்சா நீளமும் தெரியும். நரம்புக்கும் இதுதான் நல்லது. புன்னைக்கு நரம்பு நெருக்கமா இணையா ஓடும், ஆனா இலை பளபளன்னு இருக்கதால வெயில்ல வெள்ளையடிச்சிரும், நிழல்ல வச்சு அடிப்பக்கத்தையும் ஒரு படம் எடுங்க.

ஆனா கொம்புல இலை அமைஞ்சிருக்க அடுக்கு? அது பறிச்ச உடனே போச்சு. நான் ஒருக்க புங்கையில ஒரு சிற்றிலைய மட்டும் கிள்ளி எடுத்து அதான் முழு இலைன்னு நெனச்சேன், உண்மையில ஒரே காம்புல அஞ்சு ஏழு சிற்றிலை சேந்ததுதான் அதுக்கு ஒரு இலை.

கொம்புல எடுத்தா ரெண்டு மூணு கணு தெரியுற மாதிரி பக்கவாட்டுல நின்னு எடுங்க. காம்பு கொம்போட சேருற இடத்துல மொட்டு இருந்தா அது முழு இலை, சிற்றிலை அடியில மொட்டு இருக்காது. புன்னைக்கு கணுவுக்கு ரெண்டு இலை எதிரெதிரா, புங்கைக்கு ஒண்ணு மாத்தி ஒண்ணு. காத்துல ஆடுனா கொம்ப கையால புடிச்சுக்கோங்க. ஒண்ணுதான் எடுக்க முடியும்னா நான் கொம்பத்தான் எடுப்பேன்.