தோம்பையும் கட்டட அனுமதியையும் மொழிபெயர்ப்பவர்: சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரா, ஆங்கிலம் தெரிந்த உறவினரா?

யாழ்ப்பாணத்துக் காணியொன்றைக் கனடாவிலிருந்து வாங்க விரும்புபவருக்குத் தோம்புப் பிரதியையும், அதாவது காணிப் பதிவகத்திலுள்ள வில்லங்க விபரத்தையும், பிரதேச சபையின் கட்டட ஆவணங்களையும் அனுப்பும்போது இந்தக் கேள்வி எழுகிறது.

செலவு: உறவினருக்குப் பணம் தேவையில்லை, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளருக்குக் கட்டணம் உண்டு.
ஏற்பு: வங்கியும் சட்டத்தரணியும் பொதுவாகக் கேட்பது பின்னவரின் கையொப்பமும் முத்திரையும் உள்ள பிரதியையே.

துல்லியத்தில்தான் வேறுபாடு பெரிது. இரண்டு பரப்புக் காணியொன்றின் தோம்பில், தாய் மகளுக்கு எழுதிய நன்கொடை உறுதிக்கு எதிரே ‘சீவிய உரித்து நீங்கலாக’ என்ற குறிப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உறவினர் அதை வெறும் ‘பொசெஷன்’ என்று எழுதிவிட்டால், தாய் உயிரோடிருக்கும்வரை அந்த வீட்டை அனுபவிக்கும் உரிமை அவருக்கே உண்டு என்பது வாங்குபவருக்குத் தெரியாமலே போய்விடும். ‘லைஃப் இன்டரெஸ்ட்’ என்பதே உரிய சொல். அவ்வாறே, கட்டத் தொடங்குமுன் பெறும் கட்டட அனுமதியையும், கட்டி முடித்தபின் பெறும் இணக்கச் சான்றிதழையும் ‘அப்ரூவல்’ என்று ஒன்றாக்கினால், இரண்டாவது இல்லாத வீடும் குறையற்றதாகத் தோன்றும்.

விலை பேசுமுன் விபரம் அறிவதற்கு உறவினரின் மொழிபெயர்ப்புப் போதும். முற்பணம் அனுப்புவதென்றால், மூலப் பிரதியோடு இணைத்த முத்திரையிட்ட மொழிபெயர்ப்பைக் கேட்டுப் பெறுங்கள்.