தில்வாராவா, ராணக்பூரா? விதானத்தை வைத்து ஒரு முடிவு

தெற்கு ராஜஸ்தானுக்குப் போகிறவர்கள் பலரும் இந்தக் கேள்வியில் வந்து நிற்பார்கள். ஆபு மலையில் தில்வாரா, உதய்ப்பூரிலிருந்து ஜோத்பூர் போகும் வழியில் ராணக்பூர். இரண்டும் சமணக் கோயில்கள், இரண்டும் வெள்ளைச் சலவைக்கல். இரண்டிலுமே சுற்றிப் பார்க்க வருகிறவர்களை மதியத்துக்கு மேல்தான் உள்ளே விடுவார்கள். நடுவில் சில மணி நேரப் பயணம் இருப்பதால் ஒரு நாளில் ஒன்றைத்தான் நிதானமாகப் பார்க்க முடியும். நாங்கள் ராணக்பூரை அவசரமாகச் சுற்றிவிட்டு, மிச்ச நேரத்தையெல்லாம் தில்வாராவுக்கே கொடுத்தோம். ஒரு நாள்தான் இருக்கிறது என்று யாராவது கேட்டால் இப்போதும் தில்வாரா என்றுதான் சொல்வேன். காரணம் ஒன்றே ஒன்று, அதன் விதானம், அதாவது தலைக்கு மேலே தெரியும் உட்கூரை.

ராணக்பூருக்கு உரியதை முதலில் சொல்லிவிடுகிறேன். 15ஆம் நூற்றாண்டில், மேவார் மன்னர் ராணா கும்பா காலத்தில், தர்ணா ஷா கட்டுவித்த, முதல் தீர்த்தங்கரரான ஆதிநாதரின் கோயில் அது. ஸ்தபதியின் பெயர் தேபாக். கருவறையில் நான்கு திசையும் பார்த்த நான்கு திருமேனிகள் இருப்பதால், எந்த வாசலில் நுழைந்தாலும் நேரே தரிசனம்தான். 1444 தூண்கள் என்று கணக்குச் சொல்வார்கள். மண்டபங்களுக்கு நடுவே திறந்த முற்றங்கள் இருக்கின்றன, அவற்றின் வழியே விழும் வெயில் நேரம் போகப் போகத் தூண்களின் மேல் நகர்ந்துகொண்டே இருக்கும். இட அமைப்பும் வெளிச்சமும்தான் உங்களுக்கு முக்கியம் என்றால், தயங்காமல் ராணக்பூருக்கே போங்கள். படம் எடுக்க ஆசைப்படுகிறவர்களுக்கும் அதுதான் சரி, தில்வாராவுக்குள் கேமராவுக்கு அனுமதி இல்லை. ராணக்பூரின் மேல்தளங்களில் நான் அதிக நேரம் நிற்கவில்லை. அதனால் அந்தப் பகுதியைப் பொறுத்தவரை என் தீர்ப்பை அரைகுறையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

தில்வாராவில் ஐந்து கோயில்கள். அவற்றில் இரண்டு போதும். ஒன்று 1031இல், குஜராத்தை ஆண்ட சோலங்கி மன்னர் முதலாம் பீமனின் அமைச்சர் விமல் ஷா கட்டிய விமல வசஹி. மற்றது 1230 வாக்கில் வஸ்துபாலர், தேஜபாலர் என்ற சகோதரர்கள் கட்டிய லூண வசஹி. வெளியிலிருந்து பார்த்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். வெற்றுச் சுவர், தாழ்ந்த கூரை, உயர்ந்த சிகரம் எதுவும் கிடையாது. கோபுரத்தை வைத்தே கோயிலை அடையாளம் காணும் நம் கண்ணுக்கு இது புதிது. அதே சோலங்கி காலத்தில் குஜராத்தில் எழுந்த மொதேரா சூரியன் கோயிலைப் பாருங்கள். மண்டபமும் தூண்களும் தோரணமும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவைதான், ஆனால் அங்கே வெளிச்சுவர் முழுக்கச் சிற்பம். தில்வாராவில் அந்த உழைப்பு அத்தனையும் உள்ளே போய், அதிலும் தலைக்கு மேலே போய்ச் சேர்ந்துவிட்டது.

அந்த விதானம் எப்படி நிற்கிறது என்று தெரிந்துகொண்டு பார்ப்பது நல்லது. விமல வசஹியின் ரங்கமண்டபம் பன்னிரண்டு தூண்களில் நிற்கும் ஒரு சதுரம். மூலைத் தூண்கள் நான்கையும் விட்டுவிட்டு, மிச்சமுள்ள எட்டின் மேல் உத்தரங்களை வைத்தால் எண்கோணம் கிடைக்கும். அதன் மேல் வட்ட வட்டமாகக் கல் வரிசைகள் ஏறுகின்றன. ஒவ்வொரு வரிசையும் கீழ் வரிசையைவிடக் கொஞ்சம் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும், இப்படியே வட்டம் குறுகிக்கொண்டே போய் உச்சியில் மூடும். ஒரு வரிசையின் கற்கள் பக்கத்துக்குப் பக்கம் நெருங்கி ஒன்றையொன்று இறுக்குவதால், எந்தக் கல்லும் தனியாக உள்ளே சரிய முடியாது. இது வளைவு மாடம் இல்லை. பாரம் நேர் கீழே இறங்கி உத்தரத்தில் உட்காருகிறது. சலவைக்கல் அழுத்தத்தைத் தாங்கும், வளைந்தால் விரிசல் விடும். அதனால்தான் தூண்கள் இவ்வளவு நெருக்கமாக நிற்கின்றன. தூணுக்குத் தூண் போகும் அலைஅலையான தோரணங்களும் இந்த உத்தரங்களின் அடியில்தான் வருகின்றன.

இந்த வட்ட வரிசைகளில் இரண்டு வடிவங்கள் திரும்பத் திரும்ப வரும். ஒன்று யானையின் மேலண்ணம் போல வரிவரியாக வளைவது, கஜதாலு என்பார்கள். மற்றது இதழ் இதழாகக் குடைந்த குழி, அதற்குக் கோலம் என்று பெயர். இந்த வரிசைகளின் குறுக்கே சமண மரபின் அறிவுத் தெய்வங்களான பதினாறு வித்யாதேவிகள் மையத்தை நோக்கிச் சாய்ந்து நிற்கிறார்கள். மையத்திலிருந்து அடுக்கடுக்கான தாமரைத் தொங்கல் கீழே இறங்குகிறது. லூண வசஹியில் இந்தத் தொங்கல் இன்னும் மெல்லியது. அதைச் சுற்றி ஒரு வட்டத்தில் 72 தீர்த்தங்கரர்கள் அமர்ந்திருக்கிறார்கள். இதழின் முன்பக்கத்தைச் செதுக்கியதோடு நிறுத்தாமல் பின்னாலும் குடைந்து எடுத்திருக்கிறார்கள். விளிம்பு அவ்வளவு மெலிந்திருப்பதால் வெளிச்சம் கல்லுக்குள்ளேயே கொஞ்சம் ஊடுருவுகிறது. நுண்மணியான சலவைக்கல் இதற்கு இடம் கொடுக்கும், கருங்கல் கொடுக்காது. கடைசி மெருகின்போது சுரண்டி எடுத்த தூளின் எடைக்குக் கூலி கொடுத்தார்கள் என்று அங்கே ஒரு கதை சொல்வார்கள். கதையாகவே இருக்கட்டும், ஆனால் உளியால் வெட்டி முடித்த வேலை இல்லை இது. தேய்த்துத் தேய்த்துக் கொண்டுவந்தது என்பது பார்த்தாலே தெரியும்.

காஞ்சிபுரம் திருப்பருத்திக்குன்றத்தை இங்கே நினைத்துப் பார்க்கலாம். அதுவும் சமணக் கோயில்தான். விஜயநகர அமைச்சர் இருகப்பர் 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய சங்கீத மண்டபத்தில் தட்டையான கல் விதானம் இருக்கிறது. தீர்த்தங்கரர்களின் வாழ்க்கை அங்கே வண்ண ஓவியமாக வருகிறது. ஆபுவில் நேமிநாதர் என்ற தீர்த்தங்கரரின் கல்யாண ஊர்வலமும், விருந்துக்காக அடைத்து வைத்த விலங்குகளைக் கண்டு அவர் மணத்தைத் துறந்ததும் லூண வசஹியின் விதானத்தில் புடைப்புச் சிற்பமாக வருகின்றன. மதம் ஒன்றுதான். கட்டட மரபையும் கல்லையும் பொறுத்து விதானம் வேறாகிவிடுகிறது. இன்னொரு பக்கம் விமல வசஹியின் விதானங்களில் காளிங்க நர்த்தனமும் நரசிம்மரும் இருக்கிறார்கள். ஆகவே உருவங்களை மட்டும் வைத்து ‘இது சமணம், இது வைணவம்’ என்று பிரிக்கப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

ராணக்பூரின் விதானங்கள் தரத்தில் குறைந்தவை என்று நான் சொல்லவில்லை. ஒரே தலைக்கு ஐந்து உடல்கள் பொருந்தும் உருவமும், சுருண்டு சுருண்டு போகும் கல்பவல்லி என்ற கொடியின் வட்டமும் அங்கேதான் இருக்கின்றன. ஆனால் அந்தக் கோயிலில் கண் தூண்களின் வழியே தூரத்துக்கு ஓடிவிடுகிறது, மேலே தங்குவதில்லை. தில்வாராவில் முற்றத்தைச் சுற்றி 50க்கும் மேற்பட்ட சிறு சன்னதிகள் உண்டு. ஒவ்வொன்றின் முன்னாலும் தாழ்வாரத்தில் தனித்தனி விதானம். எட்டிப் பிடிக்கலாம் போலத் தாழ்வாகவே இருப்பதால் விவரம் எல்லாம் கண்ணுக்குத் தெரியும்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த படையெடுப்பில் இந்தக் கோயில்கள் சேதப்பட்டன. அப்போதும் பிற்காலத்திலும் பழுதுபார்த்திருக்கிறார்கள். நீங்கள் பார்க்கும் எல்லாமே 1031இன் வேலை இல்லை. விமல வசஹியின் ரங்கமண்டபமே 12ஆம் நூற்றாண்டில் சேர்த்ததுதான். புதிதாக வைத்த கல்லை ஓரளவு அடையாளம் காணலாம். நிறம் கூடுதல் வெண்மையாகவும், விளிம்பு தேயாமல் கூராகவும், உருவங்கள் கொஞ்சம் விறைப்பாகவும் இருக்கும்.

போவதென்றால் விமல வசஹியை முதலில் பாருங்கள், லூண வசஹி அப்புறம். கழுத்து வலிக்கும், இடையிடையே தாழ்வாரத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். சின்ன பைனாகுலர் ஒன்றை அனுமதிப்பார்களா என்று வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள். தோல் பெல்ட்டையும் பர்ஸையும் அறையிலேயே வைத்துவிட்டுப் போய்விடுங்கள், தோல் பொருள்களுக்கு உள்ளே இடமில்லை.