மூன்று ஜன்னல் மூன்றாகவே இருக்க: விளிம்பும் ஆழமும் வைத்து ரெண்டரை மாற்றிய அனுபவம்

2023 நடுப்பகுதியிலிருந்து கட்டட ரெண்டர்களின் தோற்றத்தை மாற்ற ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற படம் வரையும் ஏஐ மாடலோடு, அதற்குக் கோட்டையோ ஆழத்தையோ வழிகாட்டலாகக் கொடுக்க உதவும் கன்ட்ரோல்நெட்டைப் பயன்படுத்தி வருகிறேன். பகல் வெளிச்சத்தில் எடுத்த ரெண்டரை அந்தி நேரமாகவோ மழை ஓய்ந்த சாலையாகவோ மாற்றுவதுதான் பெரும்பாலும் என் வேலை. அழகாக மாற்றுவது சுலபம். கட்டடத்தின் வடிவத்தைத் தொடாமல் மாற்றத்தான் எனக்கு ரொம்ப நாள் பிடித்தது.

முதல் பாடம் சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் அடுத்தடுத்து நின்ற நான்கு கடைவீடுகளில் கிடைத்தது. அந்தப் பகுதி 1989இலேயே பழைய கட்டடங்களுக்கான பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அங்கே முகப்பை இஷ்டப்படி மாற்ற முடியாது, ஒவ்வொரு ஜன்னலுக்கும் கணக்கு உண்டு. அந்திப் படத்தைப் பெருமையாக மேசையில் வைத்தேன். நாங்கள் அக்கா என்று கூப்பிடும் மூத்த கட்டடக் கலைஞர் ஒரு நிமிடம்தான் பார்த்தார். "தம்பி, மேல்மாடியில வீட்டுக்கு மூணு ஜன்னல்தானே? இந்த ரெண்டாவது வீட்டுல நாலு இருக்கே?" என்றார். நான் நிறத்தையும் விளக்கொளியையும் பார்த்துக்கொண்டிருந்தேன், எண்ணவே இல்லை.

அந்தப் படத்துக்கு நான் கொடுத்திருந்தது, எது அருகில், எது தொலைவில் என்று சாம்பல் நிறத்தில் காட்டும் ஆழ வழிகாட்டல் மட்டும். அதையும் பகல் ரெண்டரிலிருந்து மென்பொருளே ஊகித்த ஆழப்படமாகத்தான் கொடுத்தேன். அந்த ஊகத்தில் மேல்மாடிச் சுவர் ஒரே தட்டையான சாம்பல் நிறம். ஜன்னல் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்ற தகவலே அதில் இல்லை. தகவல் இல்லாத இடத்தில் மாடல் தனக்குத் தெரிந்த கடைவீட்டை வரைந்துவிட்டது.

அடுத்து எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். பகல் ரெண்டரை கேனி விளிம்பு கண்டறிதலில் போட்டு, அந்தக் கோடுகளை வழிகாட்டலாகக் கொடுத்தேன். ஜன்னல்கள் சரியாக வந்தன. ஆனால் புதிதாக இரண்டு தவறுகள் முளைத்தன. பகல் வெயிலில், சுவருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கார்னிஸின் நிழல் சுவரில் நேர்கோடாக விழுந்திருந்தது. கேனிக்கு நிழல் ஓரமும் சுவர் ஓரமும் ஒன்றுதான். அந்தி வெளிச்சத்தில் அந்த நிழலுக்குக் காரணமே இல்லாததால், மாடல் அந்தக் கோட்டுக்கு ஒரு பொருள் தேடி அங்கே மெல்லிய சிமெண்ட் பட்டி ஒன்றைக் கட்டிவிட்டது. இரண்டாவது தவறு கீழே. கடைகளின் முன்னே கூரையின்கீழ் ஓடும் ஐந்தடிப் பாதையின் திறந்த வாய் இரண்டு தூண்களுக்கு நடுவே ஒரு செவ்வகமாகத் தெரிந்தது. செவ்வகம் உள்ளே குழிந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று கோடு சொல்லாது. ஒரு வீட்டில் அந்த வாய் முழுக்கக் கண்ணாடிக் கடைமுகப்பாக மாறியிருந்தது. நடைபாதையையே அடைத்துவிட்டது!

இங்கிருந்துதான் என் முறை மாறியது. முப்பரிமாண மாடல் கையில் இருக்கும்போது அழகுப் படத்திலிருந்து ஊகிக்க வேண்டிய அவசியமில்லை. கோட்டையும் ஆழத்தையும் காட்சியிலிருந்தே எடுக்கலாம். அதே கேமராவில், அதே அளவில், பரப்புத் திசையைக் காட்டும் நார்மல் படமும் பொருளுக்கொரு நிறம் தரும் அடையாளப் படமும் ரெண்டர் செய்கிறேன். இரண்டிலும் கேனி ஓட்டி, கோடுகளை ஒன்றாகச் சேர்க்கிறேன். இவற்றில் வெளிச்சமே கிடையாது, அதனால் நிழல் கோடும் கிடையாது. மரங்களையும் மனிதர்களையும் வண்டிகளையும் இந்தப் படங்களிலிருந்து மறைத்துவிடுகிறேன். இலைகளின் கோடுகள் உள்ளே போனால் சுவரில் விரிசல்களாகத் திரும்பி வரும். நம்முடைய சொந்தக் கோட்டுப்படத்தைக் கொடுக்கும்போது, படத்திலிருந்து தானே கோடு எடுக்கும் முன்செயலியை அணைத்துவிட வேண்டும். கருப்புப் பின்னணியில் வெள்ளைக் கோடாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வரைபட மென்பொருளிலிருந்து எடுத்தால் பெரும்பாலும் தலைகீழாக, வெள்ளையில் கருப்பாக வரும்.

ஆழப்படத்தில் நான் அதிக நேரம் செலவழித்தது தூர எல்லையில். எதிர்வரிசையை மறைத்துவிட்டு கேமராவை முகப்பிலிருந்து 20 மீட்டர் தள்ளி, கிட்டத்தட்ட நேர் எதிரே வைத்திருந்தேன். முதலில் 12 மீட்டரிலிருந்து 80 மீட்டர் வரை என்று எல்லை கொடுத்தேன். 68 மீட்டரை 8 பிட் படத்தின் 256 சாம்பல் படிகளில் சமமாகப் பிரித்தால் ஒரு படிக்குச் சுமார் 27 செ.மீ. எங்கள் ஜன்னல்கள் சுவருக்குள் 12 செ.மீ. தான் உள்வாங்கியிருந்தன. ஒரு படிகூடத் தேறாது. ஊகித்த படம்போலவே இதுவும் தட்டையாகிவிட்டது, துல்லியமான முப்பரிமாண மாடலிலிருந்து எடுத்தும்கூட.

இப்போது எல்லையைக் கட்டடத்தைச் சுற்றி இறுக்குகிறேன், 19 முதல் 30 மீட்டர் வரை. கன்ட்ரோல்நெட்டின் ஆழ மாடல்கள், ஒரு படத்திலிருந்து ஆழத்தை ஊகிக்கும் மிடாஸ் வகை ஆழப்படங்களில் பழகியவை. அவை தூரத்தை அல்ல, தூரத்தின் தலைகீழைக் காட்டுபவை, அருகில் வெள்ளை, தொலைவில் கருப்பு. அதனால் நானும் அதே கணக்கில் மாற்றிக்கொள்கிறேன். இதில் z தூரம், near, far இரண்டு எல்லைகள், v 0 முதல் 1 வரையிலான வெண்மை:

```
v = (1/z - 1/far) / (1/near - 1/far)
```

20 மீட்டரில் உள்ள சுவரில் இப்போது ஒரு படி சுமார் 3 செ.மீ. ஜன்னல் குழிவுக்கு நான்கு படிகள் கிடைக்கின்றன, 30 செ.மீ. நீண்ட கார்னிஸுக்குப் பத்து. இதற்கு ஒரு விலை உண்டு. எல்லைக்கு முன்னால் உள்ள சாலை முழு வெள்ளையாகிவிடும், அங்கே ஆழ வழிகாட்டல் இல்லாததுபோலத்தான். மழைநீர் தேங்கிய சாலையை எப்படியும் புதிதாக வரைய விடுவதால் எனக்கு அது குறையாகப் படவில்லை. கேமரா முகப்பைச் சாய்வாகப் பார்த்தால் கதை வேறு. முகப்பே பத்து இருபது மீட்டர் ஆழத்துக்கு நீளும், எல்லையை இவ்வளவு இறுக்க முடியாது. அப்போது ஜன்னல் பொறுப்பு முழுவதும் கோட்டுக்குத்தான்.

நான்கு படி என்பதும் மெல்லிய வித்தியாசம்தான். ஜன்னலை இடத்தில் நிறுத்துவது கோடு. எது முன்னே, எது பின்னே, எது குழி என்று சொல்வது ஆழம். இரண்டையும் சேர்த்துத்தான் கொடுக்கிறேன். ஸ்டேபிள் டிஃப்யூஷனின் எஸ்டிஎக்ஸ்எல் பதிப்பில் எனக்கு நிலைத்துப்போன அளவுகள் இவை: கோட்டுக்கு வழிகாட்டலின் வலிமையான `strength` 0.8, அது எதுவரை நீடிக்கும் என்ற `end_percent` 0.9, ஆழத்துக்கு அதே இரண்டும் 0.5, 0.6, பழைய படத்தை எவ்வளவு மாற்றலாம் என்ற `denoise` 0.5. ஆழத்தை சீக்கிரம் விட்டுவிடலாம், பெரிய பருமன்கள் படம் உருவாகும் முதல் சில சுற்றுகளிலேயே உறுதியாகிவிடும். கோட்டை சீக்கிரம் விட்டால் சிறிய ஜன்னல்கள் கடைசிச் சுற்றுகளில் நகர்கின்றன. கோட்டை 1.2க்கு மேல் ஏற்றினால் ஒவ்வொரு ஓரமும் பேனாவால் இழுத்ததுபோல் கறுத்துவிடும், சுவர் பிளாஸ்டிக்காகத் தெரியும்.

படத்தின் அளவிலும் கவனம் தேவை. அகலமும் உயரமும் 8ஆல் வகுபட வேண்டும். நான் பழக்கத்தில் 1500 × 1000 கொடுத்துக்கொண்டிருந்தேன். 1500 வகுபடாது, உள்ளே சில பிக்சல் வெட்டுப்படும். வெளிவந்த படத்தைப் பழைய ரெண்டர்மேல் வைத்தால் ஓரங்கள் பொருந்தாது. 1536 × 1024க்கு மாறியதும் அந்தத் தொல்லை போயிற்று.

அந்த எண் 8க்கு இன்னொரு விளைவும் இருக்கிறது. மாடல் பிக்சலில் நேரடியாக வரைவதில்லை. 8 × 8 பிக்சல் கட்டத்தை ஒரே புள்ளியாகச் சுருக்கிய உருவில் வேலை செய்துவிட்டு, கடைசியில் விரிக்கிறது. எங்கள் படத்தில் 24 மீட்டர் முகப்பு 1536 பிக்சலில் இருந்தது, மீட்டருக்கு 64 பிக்சல். ஜன்னல் கதவின் சாய்ந்த மரப்பட்டிகள் 5 செ.மீ. அகலம், அதாவது 3 பிக்சல். கோடு எவ்வளவு சரியாக இருந்தாலும் இந்தப் பட்டிகள் பிழைக்காது, எண்ணிக்கை மாறும் அல்லது கஞ்சிபோல் குழையும். `strength` ஏற்றி ஒரு வாரம் போராடியிருக்கிறேன், பயனில்லை. தீர்வு, ஒவ்வொரு கடைவீட்டையும் தனியாகப் பெரிதாக எடுப்பது. 6 மீட்டர் அகலம் 1536 பிக்சலில் வந்தால் ஒரு பட்டிக்குச் சுமார் 13 பிக்சல் கிடைக்கும். அப்போது பட்டிகள் அப்படியே நிற்கின்றன. நான்கு வீடுகளின் நிறமும் ஒத்துப்போக, முழுப்படத்தை முதலில் மாற்றி, அதையே பெரிதாக்கி, துண்டுகளை `denoise` 0.3இல் ஓட்டுகிறேன்.

கடைப் பெயர்ப்பலகைக்கு இதுவும் உதவாது. தமிழ் எழுத்துகள் எழுத்துபோலத் தோன்றும் கிறுக்கலாகிவிடும். அடையாளப் படத்திலிருந்து முகமூடி எடுத்து, மூல ரெண்டரின் பலகையை மேலே ஒட்டி, நிறத்தை அந்திக்கு ஏற்றபடி திருத்துகிறேன்.

அக்காவின் கேள்விக்குப் பிறகு எந்தப் படத்தையும் கண்ணால் மட்டும் நம்பி அனுப்புவதில்லை. மூல ரெண்டரையும் புதியதையும் ஒரே இடத்தில் வைத்து மாற்றி மாற்றிக் காட்டினால் நகர்ந்தவை துள்ளும். அதோடு ஒரு சிறிய சோதனையும் ஓட்டுகிறேன்:

```python
import cv2
a = cv2.imread("lines.png", 0)
b = cv2.Canny(cv2.imread("out.png", 0), 60, 150)
b = cv2.dilate(b, None, iterations=2)
miss = cv2.bitwise_and(a, cv2.bitwise_not(b))
cv2.imwrite("miss.png", miss)
```

நாம் கொடுத்த கோட்டிலிருந்து 2 பிக்சலுக்குள் புதிய படத்தில் விளிம்பே இல்லாத இடங்கள் `miss.png` படத்தில் வெள்ளையாகத் தெரியும். அந்தியில் இருண்ட மூலைகளும் வெள்ளையாகத்தான் வரும், அவற்றைப் பொருட்படுத்த வேண்டாம். ஒரு ஜன்னலின் முழுச் சட்டமும் வெள்ளையாக இருந்தால் அந்த ஜன்னல் நகர்ந்திருக்கிறது. ஆனால் இது காணாமல் போனதைத்தான் காட்டும். மாடல் கூடுதலாகச் சேர்த்ததைப் பிடிக்க, கோட்டைத் தடிப்பாக்கி எதிர்த்திசையில் அதே கணக்கை ஓட்ட வேண்டும். அன்றைய நான்காவது ஜன்னலும் நிழல் கோட்டில் முளைத்த சிமெண்ட் பட்டியும் சேர்க்கப்பட்டவைதான். சுவரின் கறையும் விளிம்பாக வருவதால் அந்தப் படத்தில் இரைச்சல் அதிகம். அதனால் அதைத் திறந்து வைத்துக்கொண்டு, நீளமான நேர்கோடுகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். நான்கு வீட்டுக்கும் சேர்த்துப் பத்து நிமிடம் ஆகிறது.