கடலையே பார்க்காத பிள்ளைக்கு எந்தக் கடல் புத்தகம்?

தருமபுரியில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் அக்கா மகளுக்குக் கடல் பற்றி ஒரு புத்தகம் வாங்க வேண்டியிருந்தது. கடைசிவரை போட்டியில் நின்றவை மூன்று: டிகே நிறுவனத்தின் 'ஓஷன்', ரேச்சல் கார்சன் எழுதிய 'தி சீ அரவுண்ட் அஸ்', அவருடைய 'தி எட்ஜ் ஆஃப் தி சீ'. மூன்றுமே ஆங்கிலம். நான் வாங்கிக் கொடுத்தது மூன்றாவதை.

டிகே புத்தகத்தின் படங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் ஊசிமுனை அளவு உயிரியும் திமிங்கிலமும் அதில் ஏறக்குறைய ஒரே அளவுப் படமாக வந்துவிடுகின்றன. கடலைப் பார்த்தவர் மனதில் சரிசெய்துகொள்வார், பார்க்காதவர் என்ன செய்வார்?

'தி சீ அரவுண்ட் அஸ்' நடையில் இன்னும் இளமைதான், அறிவியலில் இல்லை. அது வந்தது 1951இல். நிலத்தட்டுகள் நகர்வது பரவலாக ஏற்கப்பட்டது 1960களில், ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகளைக் கண்டது 1977இல். நிலா பசிபிக் பகுதியிலிருந்து பிய்ந்து போனது என்ற பழைய கருத்து முதல் அத்தியாயத்திலேயே வருகிறது. பிள்ளை அதை நம்பிப் பரீட்சையில் எழுதினால் வம்பு.

1955இல் வந்த 'தி எட்ஜ் ஆஃப் தி சீ' அவ்வளவாக மூப்படையாததற்குக் காரணம், அது எடுத்துக்கொண்ட விஷயம் கரை. கடல் தினமும் ஏறி வற்றுகிறது என்பதை எந்தப் புகைப்படமும் காட்டாது. ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஏற்றம், ஆறு மணி நேரம் வற்றம், மறுநாள் சுமார் 50 நிமிடம் தாமதம். பாறைக் கரையில் இந்தக் கணக்கு பட்டை பட்டையாகத் தெரியும்: எப்போதாவது நனையும் உச்சியில் சின்ன நத்தைகள், அதற்குக் கீழே பாறையில் ஒட்டியே வாழும் சின்ன ஓட்டு உயிரிகளான கொட்டலசுகள் வெள்ளையாக, இன்னும் கீழே பாசிகளும் மட்டிகளும். நீர் வற்றினால் கொட்டலசு தன் ஓட்டுக் கதவை மூடிக்கொண்டு உள்ளே ஈரத்தைக் காக்கும். நீர் வந்ததும் கதவைத் திறந்து, இறகு போன்ற கால்களால் வீசி வீசி இரை பிடிக்கும். இதைப் படித்தவளுக்குக் கடல் என்பது நேரத்தோடு மாறும் இடம் என்று புரிந்துவிட்டது. "அப்போ பாறையைப் பார்த்தாலே தண்ணி எவ்வளவு உயரம் வரும்னு சொல்லிடலாமா மாமா?" என்று கேட்டாள்.

கார்சனும் பென்சில்வேனியாவின் உள்நாட்டு ஊரில் பிறந்து, 22 வயதில்தான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தவர்.

குறையும் உண்டு. அவர் விவரிக்கும் பாறைக் கரை அமெரிக்காவின் வடகிழக்கு. அங்கே நீர் பல மீட்டர் ஏறி இறங்கும், சென்னைப் பக்கம் ஒரு மீட்டர் சுமார்தான். மெரினாவில் அந்தப் பட்டைகளைத் தேடினால் ஏமாற்றம். ஆனால் மணற்கரை அத்தியாயத்தில் வரும் வளை நண்டின் இனத்தார் மெரினாவிலும் ஓடுகிறார்கள்.

நான் பார்த்தது இந்த ஒரு பிள்ளையைத்தான், அவளும் நன்றாகப் படிப்பவள். ஆங்கிலத்தில் தடுமாறும் பிள்ளையென்றால், கார்சனின் நீண்ட வாக்கியங்கள் சிரமம்தான். அப்படியானால் டிகேவை வாங்கி, பக்கத்தில் ஒரு ஸ்கேலையும் வைத்துக்கொள்ளுங்கள்.