இசப்கோலா, தவிடா, சிரப்பா?

ஹட்டன் பக்கத் தோட்டமொன்றில் முப்பது வருசம் கொழுந்து பறித்தவர் என் மாமி. மலையில் ஒதுங்க இடமில்லை என்று தண்ணீரைக் குறைத்துப் பழகியவர். வேலையை விட்ட பிறகும் காலையில் ஒரு பிளேன்டி, ராத்திரி ஒரு பிளேன்டி, அவ்வளவுதான். குளிருக்குத் தாகமும் எடுப்பதில்லை. மலச்சிக்கலுக்கு யாரோ இசப்கோல் விதையின் உமியைச் சொல்ல, ஒரு கரண்டி உமியை அரைக் கப் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டுப் படுத்தார். மூன்றாம் நாள், "வயிறு கல்லு மாதிரி இருக்கு புள்ள" என்றார்.

உமியில் குறையில்லை. ஒரு தேக்கரண்டி உமியைக் கால் கிளாஸ் தண்ணீரில் போட்டுப் பத்து நிமிசம் விட்டுப் பாருங்கள். கிளாஸைச் சாய்த்தாலும் வழியாத கூழாகிவிடும். போதிய தண்ணீரோடு போனால் அந்தக் கூழ்தான் மலத்தை இளக்கும். தண்ணீர் போதாவிட்டால் தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளும். ஒரு தேக்கரண்டிக்கு முழுக் கிளாஸ், 240 மில்லிலீற்றராவது வேண்டும். கலக்கியதும் குடித்து, மேலே இன்னொரு கிளாஸ் குடிப்பது நல்லது. படுக்கப்போகும் நேரத்தில் வேண்டாம். பலன் தெரிய மூன்று நாள் வரை ஆகலாம். அவசரப்பட்டு அளவைக் கூட்டக்கூடாது. வேறு மருந்து குடிப்பவர்கள் இரண்டு மணி நேரம் இடைவெளி விட வேண்டும்.

கோதுமைத் தவிடு மலிவு. ஆனால் கரடுமுரடான தவிடுதான் குடலைத் தூண்டும். நைசாக அரைத்தால் மலம் இன்னும் இறுகலாம். வாயுவும் அதிகம். எனக்கு அதில் பிடிப்பில்லை.

லக்ரூலோஸ் சிரப், உமியையும் தவிட்டையும் போல நார் இல்லை. உடம்பிலிருந்து தண்ணீரைக் குடலுக்கு இழுக்கும் ஒருவகைச் சீனி. ஒன்றிரண்டு நாளில் வேலை செய்யும். வயிறு உப்பும், இனிப்பும் திகட்டும், ஆனால் கூழாகி அடைக்காது. தண்ணீர் குடிக்கவே மாட்டேன் என்பவருக்கு உமியைவிட இதையே சொல்வேன். அதற்காகத் தண்ணீரை விட்டுவிடலாம் என்றில்லை.

மாமியின் கதையில் ஏமாற்றியது வேறொன்று. நாலாம் நாள் உள்ளாடையில் தண்ணீராகக் கசிந்தது. வயிற்றோட்டம் என்று நினைத்தோம். கிளினிக்கில் டொக்டர் விரலால் சோதித்தபோது ஆசனவாய்க்கு மேலேயே இறுகிய உருண்டை இருந்தது. அதன் ஓரமாகத்தான் தண்ணீர் ஒழுகியிருக்கிறது. இப்படி ஏற்கெனவே அடைத்திருக்கும்போது நார் கொடுத்தால் அடைப்புக்குப் பின்னால் இன்னும் குவியும். முதலில் எனிமா, பிறகு இரண்டு வாரம் சிரப் என்று முடிவானது.

விழுங்கச் சிரமப்படுகிறவர்களும், மோர்ஃபின் போன்ற வலி மருந்து எடுப்பவர்களும் டொக்டரைக் கேட்காமல் உமியைத் தொடவேண்டாம். வாந்தியோடு வயிறு வீங்கி, வாயுவும் பிரியாவிட்டால் வீட்டில் வைத்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மலத்தில் இரத்தம், காரணமில்லாத மெலிவு, ஐம்பது வயதுக்குப் பிறகு புதிதாக வந்த மலச்சிக்கல், இவற்றை உமியால் மூடி மறைக்கக்கூடாது.

இப்போது மாமிக்குக் காலையில் ஒரு தேக்கரண்டி உமி, இளஞ்சூட்டுத் தண்ணீர் இரண்டு கிளாஸ். இரண்டாவது கிளாஸுக்குத்தான் தினமும் சண்டை.